பத்து லட்சம் முறை முயன்றும் நகராத கோப்பு
(கே.கே. நகரில் சிறு அலுவலகம் நடத்துவோர் கூடிய கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



விண்டோஸில் `robocopy` என்றொரு கட்டளை இருக்கிறது. 1990-களில் விண்டோஸ் என்டி நிர்வாகிகளுக்கான தனித் தொகுப்பில் வந்த கருவி இது. விஸ்டா வந்ததிலிருந்து எல்லா விண்டோஸ் கம்ப்யூட்டரிலும் கூடவே வருகிறது. ஒரு ஃபோல்டரிலிருந்து இன்னொரு ஃபோல்டருக்குக் கோப்புகளை நகலெடுப்பதுதான் இதன் வேலை. நடுவில் நெட்வொர்க் அறுந்தால் கொஞ்ச நேரம் காத்திருந்து மறுபடி முயலும். எத்தனை முறை முயல வேண்டும் என்று நாம் சொல்லாவிட்டால், அதுவாக எடுத்துக்கொள்ளும் எண்ணிக்கை பத்து லட்சம். ஒவ்வொரு முயற்சிக்கும் நடுவே 30 விநாடி. பெருக்கிப் பாருங்கள், மூன்று கோடி விநாடி. அதாவது 347 நாள். ஒரே ஒரு கோப்புக்காக ஏறக்குறைய ஒரு வருடம் அது வாசலில் நிற்கும். பின்னால் வரிசையில் இருக்கும் மற்ற கோப்புகளும் அதோடு சேர்ந்து நிற்கும்.

நெட்வொர்க் விட்டுப்போனால் மறுபடி முயலச் சொல்லிவிட்டால் போதும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். முயலச் சொல்வது சுலபம். எவ்வளவு நேரம் முயல்வது, எப்போது நிறுத்துவது, நிறுத்திவிட்டோம் என்பதை யாருக்கு எப்படித் தெரிவிப்பது, இந்த மூன்றில்தான் பேட்ச் ஃபைல்கள் சறுக்குகின்றன. இன்றைக்கு அதைப் பற்றி மட்டும் பேசுகிறேன்.

பொதுவாகப் பேசினால் பிடிபடாது. நான் பார்த்துக்கொடுக்கும் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தை எடுத்துக்கொள்வோம். இதே கே.கே. நகரில், ராஜமன்னார் சாலையிலிருந்து பிரியும் ஒரு தெருவில் இருக்கிறது. தரைத்தளத்தில் ஸ்கேனர் பொருத்திய கம்ப்யூட்டர். வாடிக்கையாளர்கள் கொண்டுவரும் பில், வவுச்சர், வங்கி அறிக்கை எல்லாம் அங்கே ஸ்கேன் ஆகி `D:\Scan` ஃபோல்டரில் சேரும். இரண்டாம் மாடியில் ஒரு நாஸ் பெட்டி. 2015 டிசம்பர் வெள்ளத்தில் நம் பகுதித் தெருக்களில் தண்ணீர் நின்றது உங்களுக்கு மறந்திருக்காது. அதற்குப் பிறகுதான் அந்தப் பெட்டியை மாடிக்கு ஏற்றினார்கள். நல்ல முடிவுதான். ஆனால் கீழே இருக்கும் கம்ப்யூட்டருக்கும் மேலே இருக்கும் பெட்டிக்கும் நடுவில், முதல் மாடிப் படிக்கட்டுத் திருப்பத்தில், சுவரில் ஒரு ஸ்விட்ச் வந்து உட்கார்ந்துகொண்டது. கம்ப்யூட்டருக்கு யுபிஎஸ் உண்டு, நாஸுக்கும் உண்டு. அந்த ஸ்விட்சுக்குக் கிடையாது. அது சாதாரண பிளக்கில் தொங்குகிறது.

கரண்ட் போய் இன்வெர்ட்டருக்கு மாறும் ஒவ்வொரு முறையும் ஸ்விட்ச் அணைந்து எரிகிறது. கம்ப்யூட்டரில் வேலை செய்பவருக்கு ஒன்றும் தெரியாது. திரை அப்படியே இருக்கும். மேலே போய்க்கொண்டிருந்த கோப்பு மட்டும் பாதியில் நின்றுவிடும். லாகில் இப்படி ஒரு வரி விழும்:

```
ERROR 64 (0x00000040) Copying File D:\Scan\...
The specified network name is no longer available.
```

64 என்றால் பேசிக்கொண்டிருக்கும்போதே இணைப்பு அறுந்தது. 53 என்றால் அந்தப் பெயரில் ஒரு பெட்டியையே காணோம். 121 வந்தால் பதில் வராமல் நேரம் கடந்துவிட்டது. இவை நெட்வொர்க் கோளாறுகள். காத்திருந்தால் சரியாக வாய்ப்பு உண்டு. 5 என்று வந்தால் அனுமதி இல்லை. 112 என்றால் அந்தப் பக்கம் இடம் இல்லை. இந்த இரண்டுக்கும் 347 நாள் காத்திருந்தாலும் பயன் கிடையாது. ஒருவர் எழுந்துபோய்ச் சரிசெய்ய வேண்டும். லாகைத் திறந்ததும் முதலில் இந்த எண்ணைத்தான் தேட வேண்டும்.

சரி, எவ்வளவு நேரம் காத்திருப்பது? இதை ஊகித்து எழுதக் கூடாது, அளந்து எழுத வேண்டும். அளப்பதும் கஷ்டமில்லை. கீழே கம்ப்யூட்டரில் `ping -t NAS01` ஓடவிட்டு, ஒருவர் படிக்கட்டில் போய் ஸ்விட்ச் பிளக்கைப் பிடுங்கிச் செருகட்டும். பதில் நின்றதிலிருந்து திரும்ப வரும்வரை கடிகாரத்தைப் பாருங்கள். இந்த அலுவலகத்தில் அது முக்கால் நிமிடத்துக்குள் திரும்பிவிட்டது. அடுத்து நாஸ் பெட்டியையே நிறுத்திப் போட்டுப் பார்த்தோம். அது எழுந்து கோப்பு வாங்கத் தயாராக ஐந்து நிமிடம் பிடித்தது. ஆக, இங்கே இரண்டு வகை அறுபடல் இருக்கிறது. ஒன்று ஸ்விட்ச் கண் சிமிட்டுவது, ஒரு நிமிடக் கணக்கு. இன்னொன்று நாஸே விழுவது, அல்லது மாதாந்திரப் பராமரிப்பு என்று காலை 9 மணிக்குப் போகும் கரண்ட் மதியம்வரை வராமல் யுபிஎஸ் தீர்ந்துபோவது. அது மணிக்கணக்கு.

இரண்டையும் ஒரே எண்ணால் சமாளிக்கப் பார்ப்பதுதான் வழக்கமாக நடக்கும் தவறு. ரோபோகாப்பியில் `/R:` என்பது எத்தனை முறை, `/W:` என்பது எத்தனை விநாடி இடைவெளி. இது ஒவ்வொரு கோப்புக்கும் தனித்தனிக் கணக்கு. இதை மனதில் வையுங்கள். ஒருவர் `/R:20 /W:30` என்று எழுதுகிறார், கோப்புக்குப் பத்து நிமிடம். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. அன்றைக்கு நாஸ் முழுதாக விழுந்துவிட்டது, வரிசையில் 150 கோப்பு மிச்சம் என்று வையுங்கள். முதல் கோப்புக்குப் பத்து நிமிடம் பார்த்துத் தோற்கும். அடுத்ததுக்கு இன்னொரு பத்து நிமிடம். 150 கோப்புக்கும் சேர்த்து 25 மணி நேரம். மறுநாள் அதே நேரத்திலும் பழைய ஓட்டம் முடியாமல் கிடக்கும். டாஸ்க் ஷெட்யூலர், முந்தையது இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறதே என்று புதிய ஓட்டத்தைத் தொடங்காது. செப்டம்பர் 30 வரி தணிக்கை அறிக்கைக்குக் கெடு. அந்த வாரத்தில் இப்படி ஒரு நாள் நகல் விட்டுப்போவதை எந்த ஆடிட்டரும் விரும்ப மாட்டார்.

அதனால் காத்திருப்பை இரண்டு அடுக்காகப் பிரித்துவிட வேண்டும். உள்ளே, ரோபோகாப்பியிடம், ஸ்விட்ச் சிமிட்டலைத் தாண்டும் அளவுக்கு மட்டும் பொறுமை கொடுங்கள். `/R:3 /W:20`, அதாவது ஒரு நிமிடம். நாம் அளந்த முக்கால் நிமிடத்துக்கு இது போதும். நீண்ட காத்திருப்பை வெளியே, பேட்ச் ஃபைலின் சுற்றிடம் விட்டுவிடுங்கள். இதுதான் நான் அங்கே எழுதிவைத்தது. முதல் பாதி:

```
@echo off
setlocal
set "SRC=D:\Scan"
set "DST=\\NAS01\Backup\Scan"
set "MARK=\\NAS01\Backup\IDAM.TXT"
set "LOG=D:\Logs\scan.log"
set N=0
:again
set /a N+=1
set RC=99
if not exist "%MARK%" goto wait
robocopy "%SRC%" "%DST%" /E /R:3 /W:20 /NP /LOG+:"%LOG%"
set RC=%ERRORLEVEL%
if %RC% LSS 8 goto good
```

இரண்டாம் பாதி:

```
:wait
if %N% GEQ 24 goto bad
ping -n 301 127.0.0.1 >nul
goto again
:good
echo %DATE% %TIME% OK RC=%RC% N=%N% >>"%LOG%"
exit /b 0
:bad
echo %DATE% %TIME% FAIL RC=%RC% N=%N% >>"%LOG%"
exit /b 1
```

`IDAM.TXT` என்பது நாஸில் நாமே கையால் போட்டுவைத்த ஒரு சின்னக் கோப்பு. உள்ளே ஒரு வார்த்தை இருந்தால் போதும். அது கண்ணில் பட்டால்தான் நகலெடுக்கத் தொடங்கும். நாஸ் விழுந்திருந்தால் அந்தக் கோப்பு தெரியாது. உடனே காத்திருக்கப் போய்விடும், 150 கோப்பையும் தட்டித் தட்டிப் பார்த்து நேரத்தை வீணாக்காது. இன்னொரு பயனும் உண்டு. நாஸ் எழுந்துவிட்டது, ஆனால் உள்ளே இருக்கும் டிஸ்க் சேரவில்லை, ஷேர் காலியாகத் தெரிகிறது என்ற நிலை சில சமயம் வரும். அப்போதும் அடையாளக் கோப்பு இருக்காது. தப்பான இடத்தில் போய்க் கொட்டாமல் நிற்கும்.

காத்திருப்பு 300 விநாடி, நாஸ் எழுந்திருக்க ஆகும் ஐந்து நிமிடம். 24 சுற்று என்பது சுமார் இரண்டு மணி நேரம். இரவு 8 மணிக்குத் தொடங்கினால் ஏறக்குறைய 10 மணிவரை முயலும். அதற்கு மேல் வராத நாஸ் ராத்திரியில் தானாக வரப்போவதில்லை என்பது என் கணிப்பு. உங்கள் அலுவலகத்துக்கு வேறு எண் பொருந்தலாம், அளந்து போடுங்கள்.

காத்திருக்க `timeout` என்ற கட்டளை இருக்கும்போது எதற்கு `ping` என்று கேட்பீர்கள். விசைப்பலகை உள்ளீடு வேறு பக்கம் திருப்பப்பட்டிருந்தால் `timeout` காத்திருக்காது. `Input redirection is not supported` என்று சொல்லிவிட்டு உடனே வெளியேறும். ஷெட்யூலரிலோ வேறு நிரலுக்குள்ளோ திரை இல்லாமல் ஓடும்போது இந்தச் சிக்கல் வரலாம். வந்தால் 24 சுற்றும் கண்மூடித் திறப்பதற்குள் தீர்ந்துவிடும். தனக்குத் தானே 301 முறை `ping` அடித்தால் நடுவே 300 விநாடி இடைவெளி நிச்சயம் கிடைக்கும். லாக் எழுதும் `D:\Logs` ஃபோல்டரை மட்டும் முன்கூட்டியே உருவாக்கி வையுங்கள்.

இப்போது அந்த `LSS 8`. இந்த ஒரு வரிக்காகத்தான் இந்த அலுவலகத்தின் கதையைத் தேர்ந்தெடுத்தேன்.

நான் போவதற்கு முன்பே அங்கே ஒரு பேட்ச் ஃபைல் இருந்தது. யாரோ எழுதிக் கொடுத்தது. அதில் `if errorlevel 1 goto again` என்று இருந்தது. பூஜ்யம் வந்தால் வெற்றி, மற்றது எல்லாம் தோல்வி என்ற வழக்கமான நினைப்பு. பெரும்பாலான கட்டளைகளுக்கு இது பொருந்தும். ரோபோகாப்பிக்குப் பொருந்தாது. அது திருப்பித் தரும் எண் வெற்றியா தோல்வியா என்று மட்டும் சொல்வதில்லை, என்னென்ன நடந்தது என்று சொல்கிறது. 1 என்றால் கோப்புகள் நகலாயின. 2 என்றால் அந்தப் பக்கம் இங்கே இல்லாத கூடுதல் கோப்பு இருக்கிறது. 4 என்றால் பெயர் ஒன்று, வகை வேறு, ஒரு பக்கம் கோப்பு, இன்னொரு பக்கம் ஃபோல்டர். 8 என்றால் சில கோப்புகள் நகலாகவில்லை. 16 என்றால் வேலையே தொடங்க முடியவில்லை. இவை சில்லறைக் காசுபோலக் கூடிவரும். 3 வந்தால் நகலும் ஆயிற்று, கூடுதலும் இருக்கிறது. 9 வந்தால் கொஞ்சம் நகலாயிற்று, கொஞ்சம் விட்டுப்போயிற்று. எட்டுக்குக் கீழே எது வந்தாலும் நகல் தோல்வி இல்லை.

பழைய பேட்ச் ஃபைல் என்ன செய்தது? முதல் சுற்றில் நல்லபடியாக நகலெடுத்து 1 தந்தது. அதைத் தோல்வி என்று எண்ணி மறுபடி சுற்றியது. இரண்டாம் சுற்றில் எடுக்க ஒன்றுமில்லை, 0 வந்தது, முடித்துக்கொண்டது. ஒரு சுற்று வீண், அவ்வளவுதான். அதனால் யாரும் கவனிக்கவில்லை. பிறகு ஒருநாள் அலுவலகத்தில் ஒருவர் ஒரு வேர்ட் கோப்பை நேராக நாஸிலேயே, `Scan` ஃபோல்டருக்குள் சேமித்துவிட்டார். அன்றிலிருந்து ஒவ்வொரு சுற்றிலும் 2 வந்தது. கூடுதல் கோப்பு எங்கும் போகாது. எனவே 2-ம் போகாது, சுற்றும் நிற்காது. நெட்வொர்க் நன்றாக இருந்தும் ராத்திரி முழுக்க மூச்சு விடாமல் ஓடியது. ஸ்கேன் கம்ப்யூட்டர் காலையில் மந்தமாக இருக்கிறது, ஹார்ட் டிஸ்க் போய்விட்டதா என்று கேட்டுத்தான் என்னைக் கூப்பிட்டார்கள். லாக் ஃபைல் தலையும் வாலும் தெரியாத அளவுக்கு வளர்ந்திருந்தது.

இதில் இன்னொரு நுணுக்கம் உண்டு. பேட்ச் மொழியில் `if errorlevel 1` என்றால் ஒன்றுக்குச் சமம் என்று பொருளல்ல, ஒன்றோ அதற்கு மேலோ என்று பொருள். அதே வடிவத்தில் `if errorlevel 8` என்று எழுதினாலும் சரியாகவே வேலை செய்யும். படிப்பவருக்குக் குழப்பம் வேண்டாமே என்றுதான் எண்ணை `RC`-யில் வாங்கி `LSS 8` என்று வெளிப்படையாக ஒப்பிட்டிருக்கிறேன். அதே எண்ணைக் கடைசியில் லாகிலும் எழுதலாம். நேரடியாக ரோபோகாப்பி வரியோடு ஃபைலை முடித்தால், நல்லபடியாக நகலான நாளிலும் ஷெட்யூலரில் கடைசி முடிவு `0x1` என்று தெரியும். பார்ப்பவர் தோல்வி என்று பயப்படுவார். நாலு நாள் பயந்து ஒன்றுமில்லை என்று தெரிந்தபின், உண்மையான தோல்வி வரும் அன்றைக்குப் பார்க்கவே மாட்டார். `exit /b 0` என்று நாமே சொல்லி முடிப்பது அதற்காகத்தான்.

அதே பழைய ஃபைலில் இலக்கு `Z:\Scan` என்று இருந்தது. கையால் இரட்டை கிளிக் செய்தால் ஓடும், ஷெட்யூலரில் போட்டால் ஓடாது என்று பலர் தவிப்பது இதனால்தான். `Z:` என்ற எழுத்து, உள்ளே நுழைந்திருக்கும் அந்தப் பயனரின் அமர்வுக்கு மட்டும் சொந்தம். யாரும் லாகின் செய்யாமலே ஓடும் டாஸ்க் தனி அமர்வில் ஓடுகிறது, அங்கே `Z:` கிடையாது. அதனால்தான் `\\NAS01\Backup` என்று முழு முகவரி. டாஸ்க் அமைக்கும்போது `Do not store password` என்ற பெட்டியில் டிக் செய்துவிடாதீர்கள். டிக் செய்தால் அந்த டாஸ்க் இந்தக் கம்ப்யூட்டருக்குள் இருப்பதை மட்டுமே தொட முடியும், நாஸுக்குப் போகாது. அதே டாஸ்க்கின் அமைப்பில் இத்தனை மணி நேரத்துக்கு மேல் ஓடினால் நிறுத்து என்ற வரி இருக்கிறது. அதில் எட்டு மணி நேரம் போட்டிருக்கிறேன்.

பாதியில் அறுந்த கோப்பைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். 400 எம்பி பிடிஎஃப் ஒன்று மேலே போய்க்கொண்டிருக்கிறது. விண்டோஸ் நகலெடுக்கும்போது பெரும்பாலும் முழு அளவுக்கும் இடத்தை முதலிலேயே ஒதுக்கிக்கொண்டு பிறகு நிரப்பும். நடுவில் ஸ்விட்ச் அணைந்தால், அந்தப் பக்கம் கோப்பின் பெயர் இருக்கும், அளவும் 400 எம்பி என்றே காட்டலாம், உள்ளே பாதி வெற்றிடம். கண்ணால் பார்த்தால் முழுக் கோப்பு. சிலர் ரோபோகாப்பி இல்லாமல் சாதாரண `copy` வைத்து, `if not exist` போட்டு, அந்தப் பக்கம் இல்லாததை மட்டும் அனுப்புகிறார்கள். அந்த முறையில் இந்தப் பாதிக் கோப்பு 'ஏற்கெனவே இருக்கிறது' என்று நிரந்தரமாக விடுபடும். திறந்து பார்க்கும் நாளில்தான் தெரியவரும். ரோபோகாப்பி அளவோடு தேதி நேரத்தையும் ஒப்பிடுகிறது. மூலத்தின் தேதி நேரத்தை நகல் முடிந்த பிறகே பதிக்கிறது. பாதியில் விட்டதற்கு நேரம் பொருந்தாது, அடுத்த சுற்றில் மறுபடி எடுத்துவிடும். வெளிச்சுற்றை நான் நம்பி எழுதுவது இந்தக் குணத்தால்தான். சந்தேகம் இருந்தால் இரண்டு பக்கமும் `certutil -hashfile` கொடுத்து `SHA256` எண்ணை ஒப்பிட்டுப் பாருங்கள். வாரம் ஒருமுறை ஏதாவது ஒரு பெரிய கோப்பில் செய்தால் போதும்.

விட்ட இடத்திலிருந்து தொடர `/Z` என்று ஒன்று இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. அதற்கு விலை வேகம். 100 எம்பிபிஎஸ் கேபிளில் விநாடிக்குச் சுமார் 11 எம்பி போகும். 400 எம்பி கோப்பு முக்கால் நிமிடத்துக்குள் போய்விடும், முதலிலிருந்து அனுப்பினாலும் நஷ்டம் கொஞ்சம்தான். பலவீனமான வைஃபையில் பல ஜிபி வீடியோ அனுப்பும் எடிட்டிங் அறைக்கு `/Z` வேண்டும். ஸ்கேன் அலுவலகத்துக்கு வேண்டாம்.

`/MIR` வேண்டவே வேண்டாம். மூலத்தில் இல்லாததை அந்தப் பக்கமும் அழிப்பது அதன் வேலை. ஒருநாள் ஸ்கேன் ஃபோல்டரை யாராவது தவறுதலாகக் காலி செய்துவிட்டால், அன்றிரவு 8 மணிக்கு நாஸில் இருக்கும் நகலும் ஒழுங்காகக் காலியாகும். நெட்வொர்க் எவ்வளவு நன்றாக இருந்தாலும்.

அந்த அலுவலகத்தில் காலையில் முதலில் வருபவர் லாக் ஃபைலின் கடைசி வரியைப் பார்க்கிறார். `OK` இருந்து `N=1` என்றால் ஒரே சுற்றில் முடிந்தது. `N=4` என்றால் இரவு நாஸ் கொஞ்ச நேரம் இல்லை, ஆனால் வேலை முடிந்தது. அடிக்கடி அப்படி வந்தால் யுபிஎஸ் பேட்டரியைப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன். `FAIL RC=99` என்றால் அடையாளக் கோப்பே தெரியவில்லை, மாடிக்குப் போய்ப் பெட்டியைப் பார்க்க வேண்டும். `FAIL RC=8` என்றால் நெட்வொர்க்கில் குறை இருக்க வாய்ப்புக் குறைவு. மேலே தேடினால் பெரும்பாலும் `ERROR 32` இருக்கும். ஏதோ ஒரு நிரல் அந்தக் கோப்பைத் திறந்துவைத்துக்கொண்டு விடமாட்டேன் என்கிறது என்று பொருள். ஒரு கோப்புக்காக 24 சுற்றும் ஓடியிருக்கும். ஆனால் மற்றவை முதல் சுற்றிலேயே போய்ச் சேர்ந்திருக்கும், நஷ்டமில்லை.

இந்த 32-ஐ மறுமுயற்சியால் வெல்ல முடியாது. டாலி வைத்திருப்பவர்கள் இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். ஒருவர் கம்பெனியைத் திறந்துவைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டால், அந்தத் தரவு ஃபோல்டரை ரோபோகாப்பியால் அப்படியே அள்ளிக்கொண்டு போவது சரியில்லை. சில கோப்புகள் பூட்டிக் கிடக்கும். சில போய்ச் சேரும், ஆனால் ஒன்றுக்கொன்று ஒத்துவராத நிலையில் சேரும். டாலிக்குள்ளேயே இருக்கும் பேக்கப் கட்டளையால் 7:30-க்கு ஒரு நகலை `D:\Scan` ஃபோல்டருக்குள் எடுத்து வையுங்கள். 8 மணிக்கு ஓடும் இந்த பேட்ச் ஃபைல் அந்த நகலை மாடிக்கு எடுத்துப் போகட்டும்.

கேள்விகள் இருந்தால் கேளுங்கள். லாகைப் பிரிண்ட் எடுத்து வந்திருப்பவர்கள் முன்னால் வாருங்கள், எண்ணைப் பார்த்து உட்கார்ந்தே பேசலாம்.